ஜூடி போட்ட வெள்ளி

ராயபுரம் கல்மண்டபத்தில் மஜீது பாயின் ஸ்டுடியோவில் ஜூடிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி. கல்யாண ஆல்பம், ஞானஸ்நான பேனர், மாலை போட்டு மாட்ட வேண்டிய படம், எதுவானாலும் கணினியில் அவள் கைபட்டால்தான் வெளியே போகும். கறுத்தவரைச் சிவப்பாக்குவாள், சிரிக்காதவரைச் சிரிக்க வைப்பாள். 'ஜூடிகிட்ட குடுத்தா போதும்' என்று ஊரே சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிவிட்டாள்.

அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தவள் திருவொற்றியூர் நர்மதா. அவளுடைய அப்பா தேசப்பன் படகில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி உட்காரப் பழகாவிட்டால் எழவே முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனுஷனோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், யார் கெஞ்சியும் அசையவில்லை. அந்தச் சுவரிலாவது அவருக்குப் பிடித்தது இருக்கட்டும் என்று, தன் தம்பி டில்லிபாபு நடுக்கடலில் போனில் எடுத்த படத்தை நர்மதா கொண்டுவந்தாள். இருட்டில் படகு, பொடிக்கல் தூவியதுபோல் கப்பி கப்பியாகக் கறுத்த வானம். போனுக்கு ஒரு நட்சத்திரமும் சிக்கவில்லை.

"வானம் பூரா வெள்ளி போட்டுக் குடுக்கா. நைனா அதப் பாத்துகினே கெடந்தவரு."

கடலோடிகளுக்கு வெள்ளி என்றால் விண்மீன். ஸ்டுடியோவில் வெள்ளி என்றால் மணமகள் தலைக்கு மேல் தூவும் ஜிகினா. நட்சத்திரம்தான் கேட்கிறாள் என்று ஜூடிக்குப் புரியாமலில்லை. ஆனால் கை பழகிய வழியில்தான் போயிற்று. ஜிகினாப் புள்ளியை எடுத்து, ஒரே அளவில், ஒரே வெண்மையில், மேலிருந்து கடல் மட்டம் வரை அப்பிவிட்டாள். பாய்மரத்தின் மேலேகூட நாலு விழுந்திருந்தது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

தேசப்பன் பார்த்தார். "ரவை கொட்டிக்கீது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். படத்தைத் திருப்பிக் கொண்டுவந்த நர்மதா கூசிக் கூசி அதைச் சொன்னபோது, ஜூடிக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகத் திருவொற்றியூர் போனாள். சண்டைக்குத்தான் போனாள் என்று சொல்ல வேண்டும்.

கட்டிலோரம் உட்கார்ந்து, எது ரவை என்று காட்டச் சொன்னாள்.  அவர் ஒன்றொன்றாகச் சொன்னார். பெரிய வெள்ளி கைவிரல் விட்டு எண்ணுமளவுதான், மற்றதெல்லாம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பொடி. ஓரிடத்தில் குமியும், ஓரிடத்தில் வெறிச்சென்று கிடக்கும். தண்ணீர் கிட்டே வர வர மங்கல் தின்றுவிடும். ஆறாமீன் என்று ஒரு கும்பல், அதற்குப் பின்னால் சிவப்பாக ஒன்று, அப்புறம் வரிசையாக மூன்று.

"எல்லாமே முன்னால வந்து நின்னா அது வானமா? பாதி ஒளிஞ்சிகினு இருக்கணும்மா."

ஜூடி சண்டையை மறந்து எழுதிக்கொண்டாள்.

இந்த முறை வெள்ளியைத் தொடுவதற்கு முன், போன் படத்தில் இருந்த கப்பியையெல்லாம் துடைத்து வானத்தை வழவழப்பாக்கினாள். அந்தக் கப்பி மேலேயே வைத்தால் எது வெள்ளி, எது அழுக்கு என்று யாருக்குத் தெரியும்? பொடி வெள்ளியை ஆயிரக்கணக்கில், கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு மங்கலாக, குமித்தும் விட்டும் ஒரு அடுக்கில் வைத்தாள். நடுத்தரமானது இன்னோர் அடுக்கு, எண்ணிக்கையில் வெகு குறைவு. பெரியது பத்துப் பன்னிரண்டு மட்டும். அவற்றுக்கு விளிம்பில் லேசான ஒளி, சிலதுக்கு ஒரு துளி நீலம், ஒன்றுக்குச் சிவப்பு. படகையும் பாய்மரத்தையும் வெட்டி முன்னால் நிறுத்தினாள். கடல் மட்டத்தருகே எல்லாவற்றையும் படிப்படியாகக் கரைத்தாள். ஒரு துண்டு அச்சடித்துப் பார்த்தால் பொடியைக் காகிதம் விழுங்கியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு சிட்டிகை வெளிச்சம் ஏற்றினாள். மூன்று நாள் ஆயிற்று. மஜீது பாய் எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாண வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

நான்காம் நாள் பகலில் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். தேசப்பன் வெகுநேரம் பார்த்தார். ஆறாமீனில் நின்று, சிவப்பைத் தொட்டு, மூன்றின் வழியாக அவர் கண் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. 

நர்மதா அவள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஜூடி தடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில், செய்தது சரியில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இவர் சொன்னாரே, அந்தப் புண்ணியத்துக்கு நான்தான் காலில் விழ வேண்டும் என்றாள். 

அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நர்மதா, அடியில வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு தெர்ல. என்னத் தூக்கி ஒக்கார வையி."