திரும்பி வந்த கூடையும் ஐந்து வரியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரே சொல்லும். இருக்கட்டும். அன்றைக்கு அனுப்பம்பட்டில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த தோழி, என் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டாள் பாருங்கள், அதற்கு யாராக இருந்தாலும் கோபம் வரும்.

அவளும் நானும் பொன்னேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை செய்கிறாள். வந்து குவியும் ரெஸ்யூமேக்களைப் படித்து, எதை மேலே அனுப்புவது, எதை ஓரம் கட்டுவது என்று பிரிப்பதுதான் அவள் வேலை. நானோ பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் பிடித்து, சென்னையில் ஒரு கூரியர் குடோனில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏரிக் காற்றில் வளர்ந்தவளுக்கு அந்தக் குடோனில் மூச்சு முட்டும்.

அப்போதுதான் சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு இறால் கம்பெனி கொள்முதல் நிலையம் திறக்கப்போவதாகவும், அதற்குப் பொறுப்பாளர் தேடுவதாகவும் தெரிய வந்தது. மீனவர்கள் கொண்டுவரும் இறாலைத் தரம் பார்த்து, எடை போட்டு, ஐஸ் வைத்து, கணினியில் ஏற்றி வண்டியில் அனுப்ப வேண்டும். கம்பெனி விளம்பரத்தை இரண்டு தரம் படித்தேன். இது எனக்கென்றே தைத்த சட்டை. இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் பயமும் இருந்தது. இதற்கு முன் இரண்டு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். இரண்டிலும் கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள், காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார்கள். நீங்கள் ஓரிடத்திலும் நிலையாக நிற்பதில்லையே அம்மா என்றார்கள். அதே வார்த்தையை என் நைனா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என்னைப் பற்றித் தெருவெல்லாம் சொல்வார்.

காகிதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இறால் கம்பெனி, துணிக்கடை, காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் ஒரு கேன்டீன் ஸ்டோர், மொபைல் கடை, பெண்கள் குழு, கூரியர் குடோன். நடுவில் இங்கே ஆறு மாதம் காலி, அங்கே எட்டு மாதம் காலி. எல்லாவற்றுக்கும் மேலே, நெட்டில் பார்த்து எழுதிய இரண்டு வரி: கடின உழைப்பாளி, எந்த வேலையையும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்.

கொட்டாவி விட்ட தோழி அந்த இரண்டு வரியைத்தான் முதலில் நகத்தால் கீறினாள்.

"இத மாதிரி ஒரு நாளைக்கு எத்தினி படிக்கிறேன் தெரியுமா? நாங்க மேல இருக்கிற நாலஞ்சு வரியத்தான்டி முதல்ல படிப்போம். அது புடிச்சாத்தான் கீழ கண்ணு போவும். நீ மேல ஒண்ணுமே சொல்லல. கீழ கடைத்தெரு மாதிரி வரிசையா அடுக்கி வெச்சிருக்க."

அப்படியானால் என்ன எழுதச் சொல்கிறாய் என்று சீறினேன். பட்டியலை இன்னும் நீட்டவா? அவள் அசரவில்லை. பட்டியல் கீழே அப்படியே இருக்கட்டும், கடைசி வேலை முதலில் வரட்டும், அதில் பொய்யும் வேண்டாம், மறைப்பும் வேண்டாம் என்றாள். மேலே வரும் சுருக்கத்தில் மட்டும் வேலைகளின் பெயர் வேண்டாம். நீ எங்கே தொடங்கினாய், எது உன்னைத் திருப்பியது, திரும்பிய இடத்தில் என்ன கற்றாய், அதனால் என்ன நடந்தது, இப்போது எங்கே போக வேண்டும். ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான். துணிக்கடையும் மொபைல் கடையும் உன்னை எங்கேயும் திருப்பவில்லை என்றால் அவை கதையில் வராது, கீழே ஒரு வரியில் கிடக்கட்டும் என்றாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அந்த இறால் கம்பெனியில் ஏன் சேர்ந்தாய்?

சம்பளத்துக்கு என்றேன். ஊரில் இருக்கிற எல்லாரும் சம்பளத்துக்குத்தான் சேர்கிறார்கள், நீ ஏன் சேர்ந்தாய் என்று மறுபடி கேட்டாள். மீஞ்சூர் வந்தது, போனது.

சொல்லத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் கூடை திரும்பி வந்தால் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். யார் வீட்டுக் கூடையை வியாபாரி வேண்டாமென்று அனுப்பினானோ, அந்த வீட்டுப் பக்கமே அன்றைக்கு யாரும் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். அது ஒரு மரியாதை. நான் பள்ளி முடித்த வருஷம் எங்கள் கூடை திரும்பி வந்தது. நைனாவும் அம்மாவும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவிப் பிடித்த இறால். தலை கறுத்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நைனா அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விடியற்காலை துள்ளிக்கொண்டிருந்த இறால் மத்தியானத்துக்குள் ஏன் கறுத்தது என்று, அவர் வீட்டுக்குள் வந்ததும் நான் மட்டும் கேட்டேன். அது தெரிய வேண்டும் என்றுதான் நான் கம்பெனியில் உரிக்கும் மேசைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது. இறாலில் குறையில்லை. பிடித்ததும் ஐஸ் படாமல் வெயிலில் கிடந்ததுதான் குறை.

தட்டுத் தடுமாறி இதைச் சொல்லி முடித்தேன். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லூசு. இத்த வெச்சிக்கினா கடின உழைப்பாளினு எழுதின?"

மற்றது தானாக வந்தது. முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் இறால் வரத்தே இல்லாமல் போன வருஷம்தான் நான் துறைமுகம் பக்கம் போனேன். கேன்டீன் ஸ்டோரில் வருகிற சரக்கு, போகிற சரக்கு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றக் கற்றது அங்கேதான். முகத்துவாரம் மறுபடி திறந்ததும் ஊருக்குத் திரும்பினேன். பிறகு பெண்கள் குழுவில் சேர்ந்து, இறால் பிடித்த கரையிலேயே ஐஸ் போட ஆரம்பித்தோம். காலி என்று நான் விட்டிருந்த மாதங்களில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஏரியில் இறங்கி இறால் பிடித்தேன். அதை வேலை என்று எழுதலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோழி தலையில் அடித்துக்கொண்டாள். இறால் வாங்குகிற வேலைக்குப் போகிறவள் இறால் பிடித்ததை மறைப்பாளா என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு முள் பாக்கி. கூடையை எழுதினால் அது நைனாவின் கூடை. அவரைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பம்பை நிறுத்தவில்லை. டயர் கல்லாக இறுகிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"எழுது. ஆனா எறா நல்ல எறாதான்னும் எழுது."

மறுநாள் ரயிலில் தமிழில் எழுதினேன். இருபது வரி வந்தது. தோழி ஈவிரக்கம் இல்லாமல் வெட்டினாள். அழுகை வேண்டாம், வறுமை வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லு, கேட்டால் நிரூபிக்க முடிந்ததை மட்டும் சொல்லு என்றாள். முடிவில் இது நின்றது:

"இறால் தரம் பிரிப்பதிலும், ஐஸ் பராமரிப்பிலும், சரக்குப் பதிவிலும் அனுபவம். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்தில் தொடங்கி, எங்கள் நல்ல இறால் ஐஸ் இல்லாமல் தலை கறுத்துத் திரும்பி வந்தபோது, காரணம் அறிய இறால் கம்பெனியில் சேர்ந்து தரம் பிரிக்கும் மேசை வரை உயர்ந்தேன். முகத்துவாரம் அடைபட்டு வரத்து நின்றபோது, துறைமுகக் கேன்டீன் ஸ்டோரில் கணினிச் சரக்குப் பதிவைக் கற்றேன். இரண்டையும் கொண்டு ஊர் திரும்பி, பிடித்த கரையிலேயே ஐஸ் போடும் வழக்கத்தைப் பெண்கள் குழுவோடு தொடங்கினேன்; அதன்பின் எங்கள் குழுவின் கூடை ஒன்றுகூடத் தலை கறுத்துத் திரும்பவில்லை. இதையே ஒரு கொள்முதல் நிலையம் முழுமைக்கும் செய்ய விரும்புகிறேன்."

ஐந்தே வரி. தோழி அதை இங்கிலீஷ் ஆக்கினாள். கம்பெனி விளம்பரத்தில் கேட்டிருந்த தரம், ஐஸ், பதிவு மூன்றும் முதல் வரியிலேயே இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கீழே வேலைப் பட்டியலில், காலியாக இருந்த இடங்களில் ஏரியில் இறால் பிடித்தல் என்று நானே தட்டினேன்.

நான் படித்தேன், திரும்பப் படித்தேன். அந்த ஐந்து வரியில் இருந்தவள் ஓடுகாலி இல்லை. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதற்காகவே இடம் மாறி மாறிப் போனவள். இத்தனை வருஷமாக என்னோடு இருந்தவளை அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ரயிலில் எல்லார் முன்னாலும் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். காகிதத்தை மேலும் கீழும் பார்ப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை. மேலே இருந்த வரியில் விரலை வைத்து, அந்தக் கூடை திரும்பி வந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கரையில் ஐஸ் போட ஆண்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்டார். சம்மதிக்க வைக்கவில்லை சார், பெண்கள் குழுவின் கூடை திரும்பி வராததைப் பார்த்து அவர்களே வந்தார்கள் என்றேன். சிரித்தார். கடைசியில், நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வி வந்தது. இத்தனை இடம் விட்டிருக்கிறீர்களே, இதையும் விட்டுவிட மாட்டீர்களா?

எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

"அத்தினி எடத்தயும் வுட்டதாலதான் சார் இங்க வந்து சேர்ந்தேன். இதுக்கு மேல போறதுக்கு எடம் இல்ல."

அந்த வாரமே வேலை உத்தரவு வந்தது. பொறுப்பாளர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். தோழிக்குப் போன் போட்டுக் கத்தினேன், அவள் ஆபீஸ் என்றும் பாராமல் பதிலுக்குக் கத்தினாள்.

நைனாவிடம் காட்டினேன். தலையாட்டினார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குச் சுருக்கென்றது. பால் வாங்கப் போகும்போது டீக்கடையில் அவர் குரல் கேட்டு நின்றேன். நாலைந்து பேர் அவரைச் சுற்றி இருந்தார்கள். எந்தக் கூடையைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லையோ, அந்தக் கூடையைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எம் பொண்ணு கேட்டா, ஏன் கறுத்துச்சுன்னு. அத்தக் கண்டுபுடிக்கத்தான் எறா கம்பெனிக்குப் போனா. அப்பால ஏரி வாயி அடஞ்சிச்சு, துறைமுகத்துக்குப் போயி கம்ப்யூட்டர் கத்துக்கினா. திரும்பி வந்து நம்ம கரையில ஐஸ் போட வெச்சா. இப்ப நம்ம எறாவ வாங்கற எடத்துக்கே அவதான் பொறுப்பு."

துணிக்கடையை விட்டுவிட்டார். மொபைல் கடையையும் விட்டுவிட்டார். ஒருவர், அந்தக் கூடையை யார் தூக்கிவந்தது என்று கேட்டார்.

"நாந்தான்," என்றார் நைனா. "இந்தத் தெரு வழியாத்தான் தூக்கினு வந்தேன்."