பத்தடி உள்ளே தள்ளி வைத்த கவுண்டர்

எங்கள் ஊரில் பேக்கரி என்றால் முன்னால் டீ பாய்லர், அதைச் சுற்றிக் கிளாஸும் சிகரெட்டுமாக ஆண்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த என் அண்ணன் கடையும் அப்படித்தான். சொந்தத் தங்கச்சி நானே ரோட்டில் நின்று, அவர்களுடைய தோளுக்கு மேலே கையை நீட்டித்தான் பன் வாங்குவேன். பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அதே ஊரில் நாகல் நகர்ப் பக்கம் பேக்கரி போட்டோம். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார், கடையை அமைத்தது நான். கவுண்டரைப் பத்தடி உள்ளே தள்ளினேன். டீ கிடையாது. பெண்கள் தெருவை விட்டு உள்ளே வந்து, நிதானமாகப் பார்த்து வாங்கும் கடை என்று பேர் வாங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. டியூப் லைட்டில் ரொட்டி சோகை பிடித்ததுபோல் தெரியும் என்பதால் கண்ணாடி அலமாரிக்கு மட்டும் மஞ்சள் பல்பு. தரைக்கு முகம் பார்க்கிற மாதிரி வெள்ளை டைல்ஸ்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இம்புட்டு எடத்தையும் சும்மா விட்டுட்டு ரொட்டிய உள்ள ஒளிச்சு வச்சிருக்க. பல்பப் பாத்தா லோ வோல்டேஜ்னு நெனைப்பாங்க. ஒரு மாசம் பாரு, அப்புறம் பேசாம பாய்லர முன்னால போடு."

பெண்கள் வந்தார்கள், ஆனால் வாசலோடு நின்றார்கள். எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சாயங்காலம் விற்காத பன் தட்டுத் தட்டாக மிஞ்சியது. மூன்றாவது வாரம், தெருவில் பூ விற்கும் அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கால் நுனியில் நடந்து வந்தார்.

"ஏன்க்கா செருப்பக் கழட்டுனீங்க?"

"நகைக்கடையாட்டம் பளபளன்னு இருக்கு. இந்த மண்ணுக்காலோட எப்படி மிதிக்கிறது?"

அன்றைக்கு வீட்டுக்காரரும் மெல்லப் பேச்சை ஆரம்பித்தார். "அண்ணன் சொன்னபடி கவுண்டர முன்னால இழுத்துருவமா?"

"மாட்டேன். தப்பு கவுண்டர்ல இல்ல, தரையில இருக்கு."

இரண்டு நாள் கடையைச் சாத்தினேன். வாசலிலிருந்து கவுண்டர் வரைக்கும் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, மெருகேற்றாத கடப்பா கல் பதிக்கச் சொன்னேன். வாசற்படியை இடித்து ரோட்டோடு சரிவாக்கினேன். பல்பைத் தொடவில்லை, கவுண்டரையும் நகர்த்தவில்லை.

பிறகுதான் வந்தார்கள், செருப்போடும் காய்கறிப் பையோடும். "அந்த ஓரத்துல நல்லா செவந்திருக்கே, அத எடு" என்று அலமாரிக்கு நேரே விரலை நீட்டி அதிகாரம் பண்ணினார்கள். எனக்கு அந்த அதிகாரம் இனித்தது.

மாசம் முடிந்த அன்று அண்ணன் வந்தான். உள்ளே ஏழெட்டுப் பெண்கள். வாசலிலேயே தயங்கி நின்று, அவர்களுடைய தலைக்கு மேலே கையைத் தூக்கினான்.

"ஏம்மா, ரெண்டு பன்னு குடு."

"உள்ள வாண்ணே" என்றேன். "இந்தக் கடையில ரோட்டுல நிக்கிறவங்களுக்குக் குடுக்குறதில்ல."