மீந்த மாவு

ரொட்டி செய்முறைத் தேர்வு. மைதா நூறு பங்கென்றால் தண்ணீர் அறுபது; ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பத்து என்று பலகையில் எழுதினேன். இரண்டு டின்னுக்குப் பிசைந்த மாவு 850 கிராம் வேண்டும். 850ஐ மொத்தப் பங்கான 170ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் மைதா 500 கிராம். வருடம் முழுக்கத் தொண்டை வற்றச் சொன்ன கணக்கு.

ஏரியூரிலிருந்து வரும் மாணவி 850 கிராம் மைதாவையே தராசில் கொட்டினாள். தேர்வில் நான் வாய் திறக்கக் கூடாது.

“சார், ரெண்டு டின்னும் ரொம்பிப் போச்சுங்க. இன்னும் மாவு மிச்சம் இருக்குதுங்க. வேற டின் தருவீங்களா?”

அவளுக்குப் பின்னால் நான்கு பேர் அதே கேள்வியோடு நின்றார்கள். மீந்ததையெல்லாம் பன்னாகச் சுட்டோம்.

வீட்டில், பன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: “இந்த வருசம் எத்தன பேருங்க ஃபெயிலு?”