இரண்டு வருடம் மூத்த இரட்டையன்

நானும் தம்பியும் இரட்டையர்கள். மஞ்சள்காமாலையால் அவன் இரண்டு வருடம் தாமதமாகத்தான் பள்ளியில் சேர்ந்தான். தலைமையாசிரியர் எனக்கு எழுதியதுபோல் அவனுக்கும் ஐந்து வயது என்றே எழுதிவிட்டார்.

போன மாதம் எங்கள் ஓய்வூதியக் கணக்கு அறிக்கைகளைத் திண்டுக்கல் வங்கியில் காட்டினோம். ஒரே நாளில் தொடங்கி, ஒரே தொகை கட்டியும் அவனுக்கு லாபம் அதிகம்.

“ரெண்டு பேரும் ஆட்டோ சாய்ஸ் போட்ருக்கீங்க. வயசு ஏற ஏறப் பங்குச்சந்தையில இருக்கறதக் குறைச்சு, கடன்பத்திரத்துக்கு மாத்திருவாங்க. சார் மூத்தவர்ல, அதான் லாபம் கம்மி,” என்றார் அலுவலர், என்னைக் காட்டி.

“கால் மணி நேரந்தாங்க மூத்தவன்!”

“கணக்குல ரெண்டு வருசம் சார். அறுபதாகிப் பணம் எடுக்கறதும் நீங்கதான் மொதல்ல.”

ஐம்பது வருடத்தில் முதன்முறையாகத் தம்பி எழுந்து எனக்கு நாற்காலி தந்தான்.

“உக்காருங்கண்ணே. இம்புட்டு நேரம் நின்னா கால் வலிக்கும்.”

உண்மையிலேயே வலித்தது. உட்கார்ந்தேன்.