ஒரிஜினல் சர்டிபிகேட்

என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது. முறித்தவன் என் அண்ணன். அவனுடைய வலது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அதைப் போட்டவள் நான். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, வடித்த சோறு ஆறுவதற்குள் நடந்தவை.

எங்கள் வீடு ஏற்காடு மலையில், நாகலூரில். அப்பா, அம்மா இருவருக்கும் காப்பி எஸ்டேட்டில் வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் நல்ல மார்க் எடுத்திருந்தேன். சேலத்தில் இருக்கும் பழைய அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வேண்டும் என்று வெறி. அங்கே இடம் கிடைப்பது லேசில்லை என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். ஆன்லைனில் விண்ணப்பித்தேன், தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தது. திங்கட்கிழமை காலை கலந்தாய்வு. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றும் ஒரிஜினலாகக் கொண்டுபோக வேண்டும். அவை இல்லாமல் போனால் சேர்க்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகன் இன்ஜினீயர். அவன் ஊருக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்பார். "சும்மா டிகிரிய வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பண்ணுவ? இன்ஜினீயர்னு சொன்னா நாலு பேர் மதிப்பாங்க" என்பார். அதே மதிப்புக்காகத்தான் அண்ணனை மலைக்குக் கீழே ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்தார். அவன் அரியராகக் குவித்து, மூன்றாம் வருடம் பாதியில் நின்றுவிட்டு, ஏற்காட்டுக்கும் நாகலூருக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். மீதி வருடத்துக்கும் பீஸ் கட்டினால்தான் அவனுடைய ஒரிஜினல்களைத் தருவோம் என்று கல்லூரியில் பிடித்து வைத்திருந்தார்கள். அவை இல்லாமல் அவனால் ஒரு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பைல் இல்லை. துணியெல்லாம் வாரி வெளியே போட்டேன். இல்லை. அண்ணன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், "தேடாத. நேத்தே காலேஜ்ல குடுத்துட்டேன்" என்றான்.

"எந்தக் காலேஜ்ல?"

"நான் படிச்ச காலேஜ்லதான். உனக்கு நேரடி சீட்டு. ஒரு அட்மிஷன் கூட்டியாந்தா என்னோட சர்டிபிகேட்டத் தர்றேன்னு சொன்னாங்க. நீ எங்க படிச்சா என்ன?"

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டியது. ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து சோற்றில் ரத்தம் சொட்டியது. அவன் தட்டை எட்டி உதைத்துவிட்டு எழுந்து என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கடைசி விரலை வேண்டுமென்றேதான் திருகினான். முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

அப்பா வாசலில் நின்று, "உடுடா, பொட்டப்புள்ளைய உடுடா" என்றாரே தவிர உள்ளே வரவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது புரிந்ததும் விரல் வலி எனக்கு மறந்தே போய்விட்டது. அம்மாதான் அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையோடு வந்தாள். முதல் அடி அண்ணனுக்கு. இரண்டாவது அப்பாவுக்கு. அதுவரை அவர் எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நாளைக்கு விடிஞ்சதும் நீயே கூட்டிக்கிட்டுப் போயி வாங்கிக் குடுக்கற. இல்லீன்னா இந்த ஊட்டுக்குள்ள கால வெக்காத" என்றாள் அண்ணனிடம். பிறகு என் விரலுக்குக் குச்சி வைத்துத் துணி சுற்றினாள்.

மறுநாள் ஜீப்பில் இறங்கினோம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவன் புருவத்தில் பிளாஸ்திரி, என் கையில் கட்டு. வழியில் இரண்டு பேர் கைகாட்டியும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி பள்ளத்தில் போய்விடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், என்னோடு சேர்த்துத்தான்.

எட்டரை மணிக்கே அவன் படித்த கல்லூரியில் அட்மிஷன் அறை திறந்திருந்தது. அங்கிருந்த அதிகாரி மரியாதை குறையாமல் பேசினார். டீ கூட வேண்டுமா என்று கேட்டார். அண்ணன் என் பைலைத் திரும்பக் கேட்டதும் அலமாரியைத் திறந்து இரண்டு பைல்களை எடுத்து மேசைக் கண்ணாடியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றது பழுப்பேறிய அட்டை, அதில் அண்ணனின் பழைய போட்டோ. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாருங்க தம்பி. பாப்பா பீஸ் கட்டிச் சேர்ந்ததும் உங்களோடத எடுத்துட்டுப் போங்க. பாப்பாவோடது திரும்ப வேணும்னா லெட்டர் எழுதிக் குடுங்க, பிரின்சிபால் வந்து பார்க்கட்டும். ரெண்டு மூணு நாள் ஆகும். அப்புறம் உங்களோடதப் பத்தி இங்க வந்து கேக்கக் கூடாதுங்க."

"எனக்கு ஒம்பதரைக்குக் கவுன்சிலிங் இருக்குதுங்க" என்றேன்.

"பி.எஸ்சி.க்குத்தானுங்களே" என்று அவர் சிரித்தார்.

அண்ணன் முஷ்டியால் மேசையில் குத்தினான். கண்ணாடி வெடித்து அவன் கையைக் கிழித்தது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய, அண்ணன் மேசை மேல் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். வெளியிலிருந்து இரண்டு வாட்ச்மேன்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் தடி. அண்ணனின் முதுகில் விழுந்த முதல் அடியை நான் பார்த்தேன். ஒரு கையால் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு மற்றொரு கைதான் மிச்சம். அந்தக் கை இரண்டு பைல்களின் மேலும் ஒரு நொடி நின்றது. பிறகு என்னுடையதை எடுத்து என் மேல் எறிந்தான்.

"ஓடு புள்ள" என்றான்.

ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அது தைரியம் இல்லை, பயம். அவனை அடிக்கும் சத்தம் கேட் வரை கேட்டது. மெயின் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறி, அரசுக் கல்லூரிக்குப் போனபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கடைசியில் மிச்சம் இருக்கும் இடம்தான் கிடைக்கும் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்தார்கள். என் இனத்துக்கு இயற்பியலில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. டி.சி.யின் ஓரத்தில் ரத்தம். சரிபார்த்த பேராசிரியை என் விரல் கட்டைப் பார்த்தார். என் கையிலிருந்து வந்ததென்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அண்ணனைச் சாயங்காலம்தான் விட்டார்கள். போலீசுக்குப் போகாமல் இருக்க, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவனுடைய பைல் அங்கேயே தங்கிவிட்டது. அரசுக் கல்லூரி வாசலில் ஜீப்போடு காத்திருந்தான், உதடு வீங்கி. "சீட்டு கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டான். தலையாட்டினேன். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வருடம் படித்தேன். முடித்ததும் நூலகத்திலும் லேபிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி ஆபீஸ் ஜன்னலில் நீட்டினேன். கிளார்க் ஒரு காகிதக் கட்டிலிருந்து என் சான்றிதழ்களை உருவி, டி.சி.யோடு சேர்த்துக் கொடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"அவ்வளவுதானுங்களா?" என்றேன்.

"உன்னோடதுதானம்மா, எடுத்துட்டுப் போ" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே அண்ணன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். பைலை அவன் கண்ணில் படாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போய் ஏறினேன்.