அத்தையோடு ஓர் ஆடிச்சுற்று

1. எனக்குப் பதிமூன்று வயதில் பூப்புச் சடங்கு வைத்தார்கள். முதல் குடம் தண்ணீரை அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஊற்றுவதாகப் பேச்சு.

2. அத்தை ராயகிரியிலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது.

3. நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அப்பாவின் சித்தப்பா மகள் முதல் குடத்தை ஊற்றினாள்.

4. அத்தை மஞ்சள் பூசிய பித்தளைக் குடத்தோடு வந்து சேர்ந்தபோது என் தலை நனைந்திருந்தது. அப்பா சபையில் வைத்து, "வார நேரமா இது?" என்றார். அத்தை, "இந்த வீட்டுல இனி பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

5. நான்கு வருடம் கழித்து அத்தையின் கணவர் இறந்தார். அப்பாவுக்கு யாரும் முறையாகச் சொல்லிவிடவில்லை. அப்பா துக்கம் கேட்கத் துட்டிக்குப் போகவில்லை.

6. அதன் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை.

7. பதினாறாவது வருடம், ஆடி மாதம், நான் அத்தைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

ஏழு வரிதான். இதை முதலில் எழுதியபோது பன்னிரண்டு வந்தது. அடித்தவை எல்லாம் 'ஆனால்' என்றோ 'அப்படியிருந்தும்' என்றோ தொடங்கிய வரிகள்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு காற்றாலை நிறுவனத்தில் எனக்கு வேலை. எந்த இயந்திரம் எப்போது நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று பதிவு செய்வதிலேயே பாதி நாள் போய்விடும். ஆடிக் காற்று வந்துவிட்டால் ஜன்னல் வழியே பார்க்கும் இடமெல்லாம் இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் அவை சுற்றுகின்றனவா, அவற்றைச் சுற்றி வயல்கள் சுற்றுகின்றனவா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த மாதத்தில்தான் ஊருக்குள் பெண்களும் சுற்றுவார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவது வேண்டுதல். அத்தை அதை மூன்று நாளாகப் பிரித்துச் சுற்றுவாள், ஒரு வருடமும் விட்டதில்லை. வருடாவருடம் முதல் பஸ்ஸில் வந்து, சுற்றி முடித்து, எங்கள் தெருமுனையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவாள். நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் நடை தெருமுனை வரும்போது மட்டும் வேகமாகும்.

அந்த வேகம் குறைய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அம்மாவிடம் நம்பர் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இருக்கு. மதினி வீட்டுத் துட்டிக்குப் போனவக கிட்ட அன்னைக்கே வாங்கி வச்சேன். ஒரு நாளும் அடிச்சதில்ல."

"ஏன்?"

"என்னத்தச் சொல்லன்னு தெரியலயே."

அப்பாவிடம் மறைக்க விருப்பமில்லை. அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். ஒரு கால் மாட்டி, மறு காலை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னேன்னு எழுதாத."

"எழுதல."

கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "நான் சொல்லலன்னும் எழுதாத."

முதல் மெசேஜை எழுத ஒரு மணி நேரமானது. பெரிதாக வந்தது. பஸ் நின்றது யார் தப்பும் இல்லை என்று தொடங்கி, மாமா இறந்ததைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று போய், அப்பா பாவம் என்று முடிந்தது. படித்துப் பார்த்தேன். அதில் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். 'யார் தப்பும் இல்லை' என்பதும் ஒரு தீர்ப்புதான். சபையில் தலைகுனிந்து நின்றவளிடம் அதைச் சொன்னால், 'நீ ஒன்றுமில்லாததற்குக் கோபப்பட்டாய்' என்றுதான் கேட்கும். அழித்தேன்.

இரண்டாவது சின்னதாக இருந்தது. 'வீட்டுக்கு வாங்க அத்தை.' அனுப்பப் போகும் நேரத்தில்தான் உறைத்தது. அத்தை பத்துப் பேர் முன்னால் வாக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்போம். குடித்தால் அவள் வாக்குப் போயிற்று, குடிக்காவிட்டால் மறுபடி சண்டை. வாசல் என்று நினைத்து நான் அவளுக்கு ஒரு சுவரை அனுப்பவிருந்தேன். வரச் சொல்வதென்றால் அவள் எதையும் விட்டுக்கொடுக்காமல் வரக்கூடிய இடத்துக்குச் சொல்ல வேண்டும். பதில் போடாமல் இருக்கவும் வழி வேண்டும்.

மூன்றாவது இது:

'அத்தை, நான் உங்க தம்பி மக. இந்த வருசம் நானும் ஆடிச்சுற்று சுத்தலாம்னு இருக்கேன். கொடி ஏறின மூணாம் நாள் காலை அஞ்சரைக்குக் கோபுரத்துக்கு முன்னால நிப்பேன். நீங்க வந்தா உங்ககூட நடக்க ஆசை. வீட்டுக்குக் கூப்பிடல. பதில் போடணும்னும் இல்ல.'

இரண்டு டிக் விழுந்தது. சாயங்காலம் நீலமானது. பதில் இல்லை. நான் சொன்ன காலைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றியபோதெல்லாம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பதில் வேண்டாம் என்று எழுதியவள் நான். அது பொய்யாகிவிடக்கூடாது.

மூன்றாம் நாள் விடியலில் ஊர் நீலமாக இருந்தது. காற்று தெருவில் இருந்த பூக்கடைத் தார்ப்பாய்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கோபுரத்துக்கு முன்னால் ஈரத்தலையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மல்லிகை வாசனையும் நனைந்த கல்லின் வாசனையும். அஞ்சரை ஆனது. அஞ்சே முக்கால் ஆனது. சுற்றுவேன் என்று சொன்னதால் தனியாகச் சுற்றத் தொடங்கினேன். சுவர், திருப்பம், நிழல், மறுபடி சுவர். எல்லோரும் ஒரே திசையில் மிதப்பதுபோல் இருந்தது. நான்காவது சுற்றில் என் பக்கத்தில் ஒரு பச்சைச் சேலை நடந்துகொண்டிருந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பாமல் நடந்தாள். நானும் திருப்பவில்லை. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து இன்னொரு கையில் சேர்த்தாள்.

ஏழாவது சுற்றில் பேசினாள்.

"காத்தாடிக் கம்பெனியிலயா இருக்க?"

"ஆமா அத்தை."

"அந்தக் காத்துலயே காஞ்சு போனியாக்கும். வத்தலா கெடக்கியே. உங்கம்மா சோறு போடுதாளா, இல்ல கணக்குச் சொல்லுதாளா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, நடை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

"உங்கப்பன் சொல்லி விட்டானா?"

"நான் சொன்னேன்னு எழுதாதன்னாங்க. நான் சொல்லலன்னும் எழுதாதன்னாங்க."

"அவன் அப்பவே அப்பிடித்தான். பள்ளிக்கூடம் போறேன்னும் சொல்ல மாட்டான், போகலன்னும் சொல்ல மாட்டான்."

வெயில் வந்தது. பேச்சில் எண்ணிக்கை தவறியது.

"எத்தன ஆச்சு?"

"இருபத்திரண்டு அத்தை."

கையிலிருந்த கொட்டைகளை எண்ணினாள். "ஏட்டி, இருபத்தொண்ணுதான் இருக்கு. நீ பிந்தி வந்தவளையும் சேத்து எண்ணுதியோ?"

நான் அவளுக்கு மூன்று சுற்று முந்தியவள். அப்படிப் பார்த்தால் அவளுக்குப் பத்தொன்பதுதான், கொட்டை இரண்டு கூடியிருந்தது. சொல்லவில்லை.

இருபத்தைந்தாவது சுற்று போல இருக்கும். தெற்குப் பக்கத் திருப்பத்தில் நின்றாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் பிரிந்து போனார்கள்.

"படிச்சவ நீ. சொல்லு. அன்னைக்கு யாரு மேல தப்பு?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. அழித்த வரிகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"எனக்குத் தெரியல அத்தை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நீங்க வாசல்ல குடத்தோட நின்னத நான் பாத்தேன். மனையில உக்காந்திருந்தேன். எந்திரிச்சு உங்ககிட்ட வரணும்னு இருந்துச்சு. எந்திரிக்கக்கூடாதுன்னு தோளப் புடிச்சிருந்தாங்க."

அத்தை என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

மறுபடி நடந்தாள். இரண்டு கொட்டை கை மாறியது. பிறகு மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோல், "நீ அடுத்தவ கையால நனஞ்சு சந்தோசமா இருந்தியாக்கும்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "உங்க மாமா போனப்புறம் எந்தப் பிள்ளைக்கும் குடம் ஊத்த என்னக் கூப்பிடுதது இல்ல. உன் சடங்கு ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு" என்றாள்.

அது சரியாகிவிடும் என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அவள் நடைக்கு என் நடையைச் சரிசெய்துகொண்டேன்.

முப்பத்தாறில் அன்றைய பங்கு முடிந்தது. நிழலில் உட்கார்ந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. யோசிக்காமல் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் என் தவறு புரிந்தது.

அத்தை பாட்டிலைப் பார்த்தாள். "கடைத் தண்ணியா, வீட்டுத் தண்ணியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வீட்டுத் தண்ணி, அத்தை. தெரியாம கொண்டாந்துட்டேன். கடையில வாங்கிட்டு வாரேன், இருங்க."

எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மூஞ்சி கழுவ மாட்டேன்னா சொன்னேன்? ஊத்து."

இரண்டு கையையும் குவித்தாள். ஊற்றினேன். முகத்தில் அடித்துக்கொண்டாள். கழுத்தில், பிடரியில், இன்னும் ஊற்றச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டிப் பச்சைச் சேலையில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்தது. பாட்டில் காலியானதும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக் கெணறு இன்னும் உப்பாத்தான் இருக்கு போல. கண்ணு எரியுது" என்றாள்.

எங்கள் வீட்டில் கிணறு மூடிப் பல வருடமாகிறது. இப்போது குழாய்த் தண்ணீர்தான். அதையும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். எங்கள் தெருமுனை வந்தது. அவள் உள்ளே பார்க்கவில்லை, ஆனால் நடை வேகமாகவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின், ஏதோ நேரம் கேட்பதுபோல் கேட்டாள்: "தபசுக் காட்சிக்கு உங்கப்பன் எங்கன நிப்பான்?"

"தெற்கு ரத வீதியில, பாத்திரக்கடைப் படியில."

"எதுக்குக் கேக்கேன்னா, அந்தப் பக்கம் வரக்கூடாதுல்லா" என்றாள். பஸ் கிளம்பியது.

தபசு அன்று கூட்டம் நகர முடியாமல் இருந்தது. வேண்டுதலாக வீசிய பருத்தியும் மிளகாயும் அம்மன் சப்பரத்தை நோக்கிப் பறந்து, மாலை வெளிச்சத்தில் மெல்லக் கீழே இறங்கின. அப்பா படியில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர்ச்சாரியில், எங்களுக்கு நேராக, அத்தை நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அம்மனைப் பார்த்தார்கள். மறுபடி பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அக்காவுக்கு முழங்கால் வலியா? சாஞ்சு நிக்காளே." ராத்திரி அத்தையிடமிருந்து முதல் மெசேஜ் வந்தது: 'உங்கப்பன் தலையில எண்ணெய் வைக்கச் சொல்லு. பூரா நரச்சுட்டு.'

இன்றைய நிலை இது. அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா ராயகிரிக்குப் போகவில்லை. இருவரும் இன்னும் பேசவில்லை. வாரத்தில் ஒரு நாள் நான் அத்தைக்குப் போன் செய்கிறேன், எடுக்கிறாள். நான் பேசும்போது அப்பா பக்கத்து அறையில் டிவியை நிறுத்திவிடுகிறார்.