மார்கழியில் வந்த லீவு லெட்டர்

ஸ்ரீரங்கத்துப் பையன்கள் மார்கழியில் லீவு கேட்டால் எங்கள் காலேஜ் பிரின்சிபாலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வைகுண்ட ஏகாதசி வந்தாலே பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குப் பாட்டி சாவு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கோயிலுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குத் துளசி மணி, குங்குமம், சாமி படம் விற்கிற கடை. வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும் ஏகாதசி வாரத்தில் நிற்க இடமிருக்காது. அதனால் முதல் இரண்டு வருஷமும் அப்பா சொல்லி, நான் ‘கடுமையான காய்ச்சல்’ என்று எழுதி, அவர் கீழே கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் லீவு வாங்கினேன். கடையில் என்னைப் பார்க்காத புரொபசர் கிடையாது.

மூன்றாம் வருஷம் எங்கள் பூப்பந்து டீம் மதுரையில் நடந்த போட்டிக்குத் தேர்வானது. எனக்கு அது கடைசி வருஷம். முன்வரிசையில் ஆடுகிறவன் நான். போட்டி ஒரு வாரம், அதுவும் ஏகாதசி வாரம். ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி, பிசிகல் டைரக்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் எல்லாவற்றிலும் சிபாரிசு எழுதி மொத்தமாகப் பிரின்சிபாலிடம் கொண்டுபோவார்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. “சனம் வர்ற நேரத்துல பந்தாடப் போறியா?” என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். “கொண்டா. இந்த ஒரு வருஷம் நான் சமாளிச்சுக்கிறேன். ஜெயிச்சுட்டு வா.” எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் காவிரிப் பாலத்தைப் பறந்து கடந்தேன்.

அதற்குள் மற்றவர்களின் விண்ணப்பங்கள் அனுமதியாகி வந்துவிட்டன. பயணச் சீட்டு வாங்கும் அவசரத்தில் இருந்த டைரக்டர், “கிளாஸ் டியூட்டர்கிட்ட கையெழுத்து வாங்கி நேரா ஆபீஸ்ல கொடுப்பா, ஒண்ணும் ஆகாது” என்றார். கொடுத்தேன். ஆபீஸில் அதை ஏகாதசி லீவு லெட்டர்களோடு சேர்த்து உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானம் பியூன் கொண்டுவந்து நீட்டினார். காய்ச்சல் லெட்டர்களில் இருந்த அதே வாரம், அதே ஊர், கீழே அதே தமிழ்க் கையெழுத்து. குறுக்கே சிவப்பு மையில் ‘அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“பிரின்சிபால் ஐயா இருக்காரா?”

“இப்பதான் கார்ல ஏறினாரு. தஞ்சாவூர்ல ஏதோ விழாவாம். நாளைக்குத்தான் வருவாரு.”

ரயில் அன்று சாயங்காலம். பெட்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய் டைரக்டரிடம் கெஞ்சினேன். அவர் அந்தச் சிவப்பு மையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அவரு எழுதின பிறகு உன்னைக் கூட்டிட்டுப் போனா என்னைத்தான் கேப்பாங்க தம்பி. காலையிலேயே நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கணும்.”

அப்போது பிளாட்பாரத்தில் அப்பா வந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு கையில் வாழை இலையில் கட்டிய புளிசாதம், இன்னொரு கையில் புது கான்வாஸ் ஷூ. என் பெட்டி கீழே இருப்பதையும், மற்றவர்கள் ரயிலுக்குள் இருப்பதையும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“காய்ச்சல்னு நினைச்சுட்டாரா?” என்றார். பிறகு மெதுவாக, “ரெண்டு வருஷமா நான்தானே பொய் எழுதச் சொன்னேன்” என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் இருவர் கண் முன்னாலேயே ரயில் போய்விட்டது.

டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, “முழுசாப் படிக்காம எழுதிட்டேன், தப்பு என்னோடது” என்றார். பெரிய மனுஷன்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காலேஜ் முடிந்ததும் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன், மட்டை பரணுக்குப் போய்விட்டது.

ரயில் போன அந்த வாரமே, ஏகாதசியன்று விடியற்காலையில், சொர்க்கவாசல் கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தபோது, உதவி செய்யலாம் என்று போனேன். அப்பா இரண்டு கையாலும் குங்குமப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ இங்க நிக்காதப்பா. போ, போய் விளையாடு” என்றார்.

அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு காவிரிக் கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.